சல்லடை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: நான் கல்வியியலில் முதுகலை படிக்கிறேன். ஆசிரியர் நியமனத்தையும் பணிக்கு முந்தைய ஆசிரியர் கல்வியின் தரத்தையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுத வேண்டும். ஃபின்லாந்து, சிங்கப்பூர், தென்கொரியா, இங்கிலாந்து என்று நான்கு நாடுகளை எடுத்துக்கொண்டேன். சேர்க்கை விகிதம், படிப்புக் காலம், பள்ளிப் பயிற்சி வாரங்கள், பதினைந்து வயது மாணவர்களுக்கான பிசா என்ற பன்னாட்டுத் தேர்வின் மதிப்பெண் என்று அட்டவணை போட்டு, 'கடுமையான தேர்வு இருந்தால் தரமான ஆசிரியர்கள் கிடைக்கிறார்கள்' என்று முடித்தேன். என் வழிகாட்டி 'இது பட்டியல், ஒப்பீடு இல்லை' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தவறினேன், எப்படித் திருத்துவது?

பதில்:

உங்கள் வழிகாட்டி சொன்னது சரி. ஆனால் நீங்கள் சேர்த்த தகவல்கள் வீணாகவில்லை. அவற்றில் பாதியை வைத்தே நல்ல கட்டுரை எழுதலாம். இருபத்தைந்து வருடங்களாகப் பயிற்சி ஆசிரியர்களோடு வேலை செய்கிறேன். இந்தத் தலைப்பில் வரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை தடுமாறுவது உங்கள் அட்டவணையின் முதல் தலைப்பான சேர்க்கை விகிதத்தில்தான். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கற்பனையாக இரண்டு அமைப்புகளை எடுத்துக்கொள்வோம். முதல் அமைப்பில் ஆசிரியராக விரும்பி 1,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள். படிப்பில் 100 பேரைத்தான் சேர்க்கிறார்கள், 90 பேர் முடிக்கிறார்கள், 85 பேருக்கு வேலை கிடைக்கிறது. இரண்டாவது அமைப்பிலும் 1,000 விண்ணப்பங்கள்தான். ஆனால் 700 பேரைச் சேர்த்துக்கொள்கிறார்கள், 600 பேர் சான்றிதழ் வாங்குகிறார்கள், அதற்குப் பிறகு ஒரு பணித்தேர்வு வைத்து 85 பேரை எடுக்கிறார்கள். உங்கள் அட்டவணையில் முதல் அமைப்புக்கு 10 சதவீதம் என்றும் இரண்டாவதற்கு 70 சதவீதம் என்றும் வரும். படிப்பவர் முதலாவது கடுமையானது, இரண்டாவது தளர்வானது என்று முடிவு கட்டுவார். உண்மையில் இரண்டிலும் ஆயிரத்துக்கு 85 பேர்தான் வகுப்பறைக்குள் போகிறார்கள். கடுமை ஒன்றுதான். சல்லடை வைத்திருக்கும் இடம்தான் வேறு.

அந்த இடம் மாறினால் என்ன மாறுகிறது என்பதுதான் உங்கள் கட்டுரையின் கேள்வியாக இருக்க வேண்டும். பயிற்சியாளரை உட்கார்ந்து கவனித்து, திருத்தி, பேசத் தெரிந்த வழிகாட்டி ஆசிரியர்கள் இரண்டு அமைப்புகளிலும் ஐம்பது பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். முதலாவதில் ஒருவருக்கு இரண்டு பயிற்சியாளர்கள் வருவார்கள், இரண்டாவதில் பதினான்கு பேர் வருவார்கள். பாடத்திட்டம் ஒன்றாகவே இருக்கலாம், பயிற்சி வாரங்களும் ஒன்றாகவே இருக்கலாம். பதினான்கு பேரைப் பார்ப்பவரால் ஒவ்வொருவரின் வகுப்பிலும் முழு நேரம் உட்கார முடியாது. நியமன முறைக்கும் படிப்பின் தரத்துக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் இருக்கிறது. உங்கள் கட்டுரையில் இவை இரண்டும் தனித்தனிப் பிரிவுகளாக நிற்கின்றன, நடுவில் பாலம் இல்லை.

நிஜ நாடுகளுக்கு வருவோம். தென்கொரியாவை நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். உங்கள் கட்டுரைக்கு மிகச் சிறந்த இடம் அதுதான், ஏனென்றால் அந்த ஒரு நாட்டுக்குள்ளேயே இரண்டு அமைப்புகள் இருக்கின்றன.

ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களை அங்கே மொத்தம் 13 நிறுவனங்கள்தான் உருவாக்குகின்றன. பத்து தேசியக் கல்வியியல் பல்கலைக்கழகங்கள், கொரியத் தேசிய ஆசிரியர் கல்விப் பல்கலைக்கழகம், ஜேஜு தேசியப் பல்கலைக்கழகம், தனியார் நிறுவனமான ஈவா மகளிர் பல்கலைக்கழகம். எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பதை அரசு கட்டுப்படுத்துகிறது. ஆக, முதல் சல்லடை பல்கலைக்கழக வாசலிலேயே இருக்கிறது. இடைநிலை, மேல்நிலை ஆசிரியர்களுக்கோ வழிகள் பல. கல்வியியல் கல்லூரி, பொதுப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையில் படித்துக்கொண்டே ஆசிரியர் சான்றிதழ்ப் பாடங்களை எடுப்பது, கல்வியியல் பட்டமேற்படிப்பு நிறுவனம் என்று எந்த வழியாகவும் வரலாம். அதனால் காலியிடங்களைவிடப் பல மடங்கு அதிகமானவர்கள் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். உண்மையான சல்லடை பணித்தேர்வில்தான் இருக்கிறது.

அரசுப் பள்ளி வேலைக்கு இரு பிரிவினரும் அந்தப் பணித்தேர்வை எழுதத்தான் வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை நடக்கும். முதல் கட்டம் எழுத்துத் தேர்வு. அதைத் தாண்டியவர்களுக்கு இரண்டாம் கட்டத்தில் மாதிரி வகுப்பு, பாடக்குறிப்பு, நேர்காணல். ஆரம்பப் பள்ளிக்குப் படித்தவர்களுக்கு அது ஏற்கெனவே சலித்தவர்களை இன்னொரு முறை சலிப்பது, இடைநிலைக்குப் படித்தவர்களுக்கு அது கிட்டத்தட்ட முதல் சல்லடை. சம்பள அட்டவணை இரு பிரிவினருக்கும் ஒன்று. ஆசிரியருக்குச் சமூகம் தரும் மதிப்பும் பெரிதாக மாறுவதில்லை. நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போது நம்மைக் குழப்பும் பண்பாடு, வருமானம், வரலாறு எல்லாம் இங்கே தாமாகவே சமமாகிவிடுகின்றன. இப்படி ஒரு வாய்ப்பு ஒப்பீட்டு ஆய்வில் அடிக்கடி அமையாது.

இப்போது இரண்டு வழிகளிலும் படிப்பு என்ன ஆகிறது என்று பாருங்கள். ஆரம்பப் பள்ளிக்குப் படிப்பவர் நான்கு வருடமும் ஒரே நிறுவனத்தில், பெரும்பாலும் ஆசிரியராகப் போகிறவர்களோடு படிக்கிறார். இடைநிலைக்குப் படிப்பவர் பள்ளிப் பயிற்சிக்குப் போவது பெரும்பாலும் நான்கு வாரம்தான். அவருக்கு இடம் தேடுவதே பெரும்பாடு என்பதால் பலர் தாங்கள் படித்த பழைய பள்ளிக்கே போய்க் கேட்டு நிற்கிறார்கள். வேலைக்குப் போகவே வாய்ப்பில்லாத பலரையும் சேர்த்துப் பயிற்சி கொடுக்க வேண்டியிருப்பதால், அதை நீட்டவும் முடிவதில்லை, கெட்டிப்படுத்தவும் முடிவதில்லை. அப்புறம் தேர்வு. சியோலில் நோரியாங்ஜின் என்ற பகுதி அரசுப் பணித் தேர்வுகளுக்கான தனிப்பயிற்சி நிலையங்களுக்குப் பேர்போனது. ஆசிரியர் பணித்தேர்வுக்குப் படிப்பவர்களும் அங்கே போய் உட்காருகிறார்கள். ஒருவர் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்தார், தனிப்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருடம் படித்தார், பிறகு வேலைக்குப் போனார் என்றால் அவரைத் தயார்செய்தது எது? உங்கள் அட்டவணையில் 'படிப்புக் காலம்: 4 ஆண்டு' என்று மட்டும்தான் வரும்.

தேர்வு படிப்பைத் தன் பக்கம் இழுக்கும் என்பதையும் இங்கே காட்டலாம். கடைசியில் இருக்கும் சல்லடை எதைக் கேட்கிறதோ அதைத்தான் மாணவர்கள் முன்கூட்டியே படிப்பார்கள். எழுத்துத் தேர்வில் வராத எதுவும், அது எவ்வளவு தேவையானதாக இருந்தாலும், கடைசி வருடத்தில் கவனம் இழந்துவிடும். இதை நிரூபிக்க வேண்டுமென்றால் பணித்தேர்வின் பழைய வினாத்தாள்களையும் ஒரு நிறுவனத்தின் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தெந்தத் தாள்கள் தேர்வோடு பொருந்துகின்றன, எவை பொருந்தவில்லை என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் ஒரு பக்கம் மட்டும் எழுதிவிடாதீர்கள். வாசலில் சல்லடை வைப்பதற்கும் விலை உண்டு. கொரியாவில் ஒரு காலத்தில் அரசு ஆசிரியர் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு அரசுப் பள்ளி நியமனத்தில் முன்னுரிமை இருந்தது. தனியார் கல்லூரிகளில் படித்தவர்கள் பின்வரிசையில் நின்றார்கள். 1990-ல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அந்த முன்னுரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகுதான் போட்டித் தேர்வு எல்லோருக்கும் வந்தது. அதாவது, இதுவரை நான் குறையாகப் பேசிய அந்தத் தேர்வு சமவாய்ப்பு கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில். எங்கே படித்தாய் என்று கேட்காமல் என்ன தெரியும் என்று கேட்கும் தேர்வுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதைக் கட்டுரையில் விட்டுவிட்டால் ஆய்வு ஒருதலைப்பட்சமாகிவிடும்.

இன்னொரு விலை, எதிர்காலத்தைக் கணிக்க வேண்டியிருப்பது. இன்று சேர்க்கும் மாணவர் நான்கு வருடம் கழித்துத்தான் வேலைக்கு வருவார். அப்போது எத்தனை வகுப்பறைகள் இருக்கும் என்று இன்றே தெரிய வேண்டும். 2017 ஆகஸ்டில் சியோல் கல்வி அலுவலகம் அடுத்த ஆண்டு ஆரம்பப் பள்ளிக்கு 105 பேரைத்தான் எடுப்போம் என்று முன்னறிவிப்புச் செய்தது. முந்தைய ஆண்டு எண்ணிக்கை 846. வேலை கிடைக்கும் என்று நம்பிச் சேர்ந்த மாணவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். கடைசியில் 385 என்று கூட்டினார்கள். குழந்தைகள் பிறப்பு வேகமாகக் குறையும் நாட்டில் (2023-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை) வாசல் சல்லடையின் கணக்கு எவ்வளவு எளிதில் பிசகும் என்பதற்கு இந்த மூன்று எண்கள் போதும்.

இனி ஃபின்லாந்து. 'பத்தில் ஒருவருக்குத்தான் இடம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது வகுப்பாசிரியர், அதாவது ஆரம்ப வகுப்புகளுக்கு எல்லாப் பாடங்களையும் நடத்துபவர், படிப்புக்கு மட்டும் பொருந்தும் பேச்சு. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் 2014-ல் 120 இடங்களுக்கு ஏறத்தாழ 1,650 பேர் போட்டியிட்டார்கள். பாட ஆசிரியர்கள் வேறு வழியில் வருகிறார்கள். முதலில் கணிதத்திலோ வேதியியலிலோ சேர்ந்து படித்து, பிறகு 60 கிரெடிட் அளவுக்குக் கற்பித்தல் பாடங்களை எடுக்கிறார்கள். கணிதம், இயற்பியல் போன்ற பாடங்களில் அந்த இடங்களுக்குப் போட்டி அவ்வளவு கிடையாது. கடுமையான சேர்க்கைதான் தரத்துக்குக் காரணம் என்றால், ஃபின்லாந்தின் கணித ஆசிரியர்கள் வகுப்பாசிரியர்களைவிடத் தாழ்ந்தவர்களாக இருக்க வேண்டும். நீங்கள் அப்படி எழுதத் தயாராக இல்லை என்றால், உங்கள் முடிவுரை வாக்கியம் நிற்காது.

இன்னொரு தகவலும் அந்த வாக்கியத்தைத் தள்ளாட வைக்கும். அதே ஹெல்சிங்கியில் சேர்க்கப்பட்டவர்களின் பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண்களைப் பார்த்தபோது, கால்வாசிப் பேர் முதல் 20 சதவீதத்தில் இருந்தார்கள். இன்னொரு கால்வாசிப் பேர் கீழ்ப்பாதியிலிருந்து வந்திருந்தார்கள். எழுத்துத் தேர்வை முதல் கட்டமாக வைத்து, இரண்டாவது கட்டத்தில் நேர்முகமாகப் பார்த்துத்தான் எடுத்தார்கள். கடுமை என்றால் அதிக மதிப்பெண் என்று எடுத்துக்கொள்வது நம் பழக்கம். சல்லடையின் கண் எவ்வளவு சிறியது என்பதோடு அது எதைச் சலிக்கிறது என்பதையும் எழுத வேண்டும்.

சரி, படிப்பின் தரத்தை எப்படிக் காட்டுவது? பயிற்சி வாரங்களை எண்ணுவது ஏன் போதாது என்பதற்கு, நான் கண்ணால் பார்த்த இரண்டு வகுப்புகளைச் சொல்கிறேன். இரண்டிலும் பின்னப் பாடம். நான்கில் மூன்று பெரிதா, மூன்றில் இரண்டு பெரிதா என்பது கேள்வி. முதல் வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து, 'ரெண்டும் சமம் சார், ரெண்டுலயும் ஒரு துண்டுதான் குறையுது' என்றாள். பயிற்சி ஆசிரியர் 'தப்பு, உட்காரு, அடுத்து யார்?' என்று நகர்ந்தார். மணி அடித்ததும் வழிகாட்டி ஆசிரியர் அவரோடு ஐந்து நிமிடம் பேசினார். கரும்பலகை எழுத்து சாய்கிறது, துணைக்கருவியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டுங்கள், நேரம் சரியாக முடித்தீர்கள். அவ்வளவுதான். சிறுமி சொன்ன வாக்கியம் அந்தப் பேச்சில் வரவே இல்லை.

சில மாதம் கழித்து வேறு பள்ளியில், வேறு பயிற்சி ஆசிரியர். கிட்டத்தட்ட அதே பதிலை ஒரு பையன் சொன்னான். இவரும் அதைத் தாண்டிப் போனார். ஆனால் அந்த வழிகாட்டி தன் நோட்டில் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி வைத்திருந்தார். வகுப்பு முடிந்ததும் முதல் கேள்வியே, 'அந்தப் பையன் ஏன் அப்படி நினைத்தான்?' பயிற்சி ஆசிரியருக்குப் பதில் தெரியவில்லை. வழிகாட்டி ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டைகளை வெட்டிக் கொடுத்து, ஒன்றை நான்காகவும் இன்னொன்றை மூன்றாகவும் மடிக்கச் சொன்னார். குறைகிற துண்டுகளை அருகருகே வைத்ததும் அவருக்கே விளங்கிவிட்டது. இரண்டிலும் குறைவது ஒரு துண்டுதான், ஆனால் நான்கில் ஒன்று மூன்றில் ஒன்றைவிடச் சிறியது. அதனால் மிச்சமிருப்பது நான்கில் மூன்றில்தான் அதிகம். பையன் துண்டுகளை எண்ணினான், அளவைப் பார்க்கவில்லை. மறுநாள் அதே பாடத்தை அடுத்த பிரிவில் அவரையே மறுபடி எடுக்கச் சொன்னார் வழிகாட்டி. அந்த இரண்டாவது வகுப்பை நான் இன்னும் மறக்கவில்லை. பிள்ளைகள் தவறாகச் சொல்லும்வரை காத்திருந்து, சொன்னதும் பட்டைகளைக் கையில் எடுத்தார் அந்த இளம் ஆசிரியர்.

பயிற்சி நாட்களின் கணக்கில் இரண்டு பேருக்கும் ஒரே எண்தான் பதிவாகியிருக்கும். ஆகவே வாரங்களுக்குப் பதிலாக மூன்று விஷயங்களைத் தேடுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பயிற்சியாளர்கள்? வகுப்புக்குப் பிறகான பேச்சில் மாணவர்கள் யோசித்த விதம் வருகிறதா, ஆசிரியரின் நடை உடை மட்டும் வருகிறதா? பள்ளிப் பயிற்சியில் யாராவது எப்போதாவது தேறாமல் போயிருக்கிறார்களா? வருடக்கணக்கில் ஒருவர்கூடத் தோற்காத பயிற்சி என்றால், அங்கே யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை என்ற சந்தேகம் எனக்கு வரும். ஃபின்லாந்தின் பல்கலைக்கழகங்கள் தங்களுக்கென்று பயிற்சிப் பள்ளிகளை நடத்துகின்றன, பயிற்சியாளர்களை வழிநடத்துவது அங்குள்ள ஆசிரியர்களின் வேலையிலேயே அடங்கும். உங்கள் அட்டவணையில் இது ஓர் அடிக்குறிப்பாக இருக்கிறது. சேர்க்கை விகிதத்தைவிட நூறு மடங்கு முக்கியமான தகவல் அது.

பிசா மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள். பதினைந்து வயது மாணவருக்கு அதுவரை பாடம் நடத்தியவர்களில் முப்பது வருடம் முன்பு படித்து வந்தவரும் இருப்பார், போன வருடம் வந்தவரும் இருப்பார். இன்றைய ஆசிரியர் கல்வியின் தரத்தை அந்த எண் எப்படிச் சொல்லும்? ஃபின்லாந்தின் கணித மதிப்பெண் 2006-ல் 548, 2022-ல் 484. முதுகலைப் பட்டம் வேண்டும் என்ற விதி 1979-லிருந்தே இருக்கிறது, இடையில் யாரும் அதைத் தளர்த்தவில்லை. ஏறும்போது ஆசிரியர் கல்வியைக் காரணம் சொன்னவர்கள் இறங்கும்போதும் அதையே காரணம் சொல்ல வேண்டியிருக்கும். படிப்பை முடிக்கும் நிலையில் உள்ளவர்களையே நேராகச் சோதித்த பன்னாட்டு ஆய்வு ஒன்று உண்டு. கணித ஆசிரியர்களாகப் போகிறவர்களைப் பற்றிய டெட்ஸ்-எம், 17 நாடுகளில் 2008-ல் தகவல் திரட்டியது. அதில் சிங்கப்பூர் இருக்கிறது. ஃபின்லாந்தும் கொரியாவும் இங்கிலாந்தும் இல்லை. உங்கள் நான்கு நாடுகளில் மூன்றுக்கு அப்படி நேரடி அளவு அந்த ஆய்வில் இல்லை என்பதைக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சிங்கப்பூரைப் பற்றிச் சுருக்கமாக. அங்கே வேலை முதலில், படிப்பு பிறகு. கல்வி அமைச்சகம் ஆளைத் தேர்ந்தெடுத்துச் சம்பளம் கொடுத்து, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்துக்கு அனுப்புகிறது. கல்விக் கட்டணமும் அரசுடையது, பதிலுக்குக் குறிப்பிட்ட ஆண்டுகள் வேலை செய்ய ஒப்பந்தம். பயிற்சி நிறுவனம் ஒன்றே ஒன்று. இதை மூன்றாவது வகைச் சல்லடையாக ஒரு பத்தியில் சொல்லலாம், அதற்கு மேல் நீட்ட வேண்டாம். சிறிய, ஒரே நிர்வாகமுள்ள நாட்டின் ஏற்பாட்டைப் பெரிய நாடுகளோடு வைத்துப் பேச ஆரம்பித்தால் கட்டுரை திசைமாறிவிடும்.

இங்கிலாந்தை விட்டுவிடச் சொல்வேன். அங்கே பிரச்சினை வேறு. 2023-24-ல் இடைநிலை ஆசிரியர் பயிற்சிக்கு வைத்த இலக்கில் பாதிதான் நிரம்பியது, இயற்பியலில் 17 சதவீதம். கோவிட் பரவிய 2020-21-ல் வேறு வேலைகள் குறைந்தபோது மொத்த இலக்கைத் தாண்டி ஆட்கள் வந்தார்கள். வரிசையில் நிற்க ஆள் இல்லாத இடத்தில் சல்லடையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அது சம்பளத்தையும் வேலைச் சந்தையையும் பற்றிய தனிக் கட்டுரை, பின்னால் எழுதுங்கள்.

ஆக, புதிய வடிவம் இப்படி இருக்கலாம். இரண்டு நாடுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு வழிகள். கொரியாவின் ஆரம்பப் பள்ளி, இடைநிலை. ஃபின்லாந்தின் வகுப்பாசிரியர், பாட ஆசிரியர். நான்குக்கும் ஒரே கேள்விகள்: விண்ணப்பித்தவர், சேர்ந்தவர், முடித்தவர், வேலைக்குப் போனவர் என்று எண்ணிக்கை எங்கே சட்டென்று குறைகிறது, அந்த இடத்தில் எதை வைத்துச் சலிக்கிறார்கள், அதனால் பள்ளிப் பயிற்சிக்கு என்ன ஆகிறது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆரம்பப் பள்ளி ஆசிரியர் எல்லாப் பாடமும் நடத்துகிறார், இடைநிலை ஆசிரியர் ஒரு பாடம் நடத்துகிறார். அதனால் பாடத்திட்டத்தில் வரும் வேறுபாடு எல்லாவற்றையும் சல்லடையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. எந்த வேறுபாடு வேலையின் தன்மையால் வருகிறது, எது நியமன முறையால் வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுங்கள். வழிகாட்டிக்கு எத்தனை பயிற்சியாளர்கள் என்பது நியமன முறையின் கணக்கில் வரும். எத்தனை பாடங்களின் கற்பித்தல் முறைகளைப் படிக்கிறார்கள் என்பது வராது.

எண்ணிக்கை குறையும் இடத்தைக் காட்டும் அந்த ஒரு படத்தை முதலில் வரைந்து, வேறெதுவும் எழுதுவதற்கு முன் உங்கள் வழிகாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.